தெருவில் ஒரு வினா

நுழையும்முன்

ஒரு வினா, பத்து முகங்கள், பத்துக் குறுவிடைகள் என்னும் அமைப்பில் உருவாகும் தெருமுனை நேர்காணல் காணொலிகள் இன்று கைப்பேசித் திரைகளில் ஓயாமல் ஓடுகின்றன. பார்ப்பவருக்கு அவை போகிற போக்கில் எடுத்தவை போலத் தோன்றும். ஆனால், ஒன்றரை நிமிடக் காணொலியில் ஒருவர் ஐந்து நொடியில் உண்மையைச் சொல்லிவிட்டுப் போகிறார் என்றால், அதற்கான வேலை தெருவில் இறங்குவதற்கு முன்பே நடந்திருக்கிறது. அந்த வேலையை, தொழிற்சாலைகள் நிறைந்த ஒரு சாலைச் சந்திப்பை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குகிறது இப்பாடம்.

காலை ஆறரை மணி

சிங்கப்பெருமாள்கோவிலிலிருந்து திருப்பெரும்புதூர் செல்லும் சாலையும், வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் செல்லும் சாலையும் ஒரகடத்தில் சந்திக்கின்றன. இச்சந்திப்பைச் சுற்றியும் வடக்கே திருப்பெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, சுங்குவார்சத்திரம் வரையிலும் மகிழுந்து, சரக்குந்து, சக்கரம், கண்ணாடி, கைப்பேசி எனப் பலவகைப் பொருள்களை உருவாக்கும் தொழிற்சாலைகள் பரவியுள்ளன. அவற்றுள் பல இருபத்துநான்கு மணி நேரமும் இயங்குபவை. எனவே, ஊர் விழித்தெழும் நேரத்தில் இங்கே ஒரு பகுதியினர் உறங்கச் செல்கின்றனர். இரவு முழுவதும் நின்று வேலை செய்தவர்கள் நிறுவனப் பேருந்துகளிலிருந்து இறங்கித் தேநீர்க் கடைகளில் சில நிமிடங்கள் நிற்பார்கள். பிறகு அறைக்குப் போய்விடுவார்கள்.

அந்தச் சில நிமிடங்களில் அவர்களிடம் பேசி, 'இரவுப்பணி செய்பவர்களின் பகல் உறக்கம்' என்னும் பொருளில் 90 நொடிக் காணொலி ஒன்றை உருவாக்க மாணவர் குழு ஒன்று முடிவு செய்கிறது எனக் கொள்வோம். களைத்திருக்கும் மனிதரை நிறுத்திப் பேசவைக்கும் வேலை இது. அவரிடம் இருப்பது இரண்டு நிமிடம். அந்த இரண்டு நிமிடத்தை வீணாக்காமல் இருப்பதே திட்டமிடலின் முதல் நோக்கம்.

பெரிய வினாவும் சிறிய வினாவும்

1960 ஆம் ஆண்டுக் கோடையில், பிரான்சு நாட்டின் ஆவணப்பட இயக்குநர் ழான் ரூஷும் சமூகவியலாளர் எட்கர் மோரனும் பாரிசு நகரத்தில் ஒரு படம் எடுத்தனர். 'ஒரு கோடையின் நிகழ்வேடு' எனத் தமிழில் சொல்லத்தக்க அப்படம் அடுத்த ஆண்டு வெளிவந்தது. அதில் மார்சலின் லோரிதான் என்னும் பெண், ஒலிப்பதிவுக் கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருவில் போவோர் வருவோரிடம் ஒலிவாங்கியை நீட்டி, "நீங்கள் மகிழ்ச்சியாக இருக்கிறீர்களா?" என்று கேட்பார். சிலர் நிற்காமல் போய்விடுவார்கள். சிலர் ஒற்றைச் சொல்லில் முடித்துக்கொள்வார்கள். சிலர் மட்டும் நின்று தம் வாழ்க்கையைத் திறந்து காட்டுவார்கள்.

அவ்வினா அந்தப் படத்துக்குப் பொருத்தமானது. ஏனெனில், மக்கள் அதை எதிர்கொள்ளும் விதத்தையே படம் ஆராய்ந்தது. தயங்குவதற்கும் விலகிச் செல்வதற்கும் நீண்ட விடை சொல்வதற்கும் அதில் இடம் இருந்தது. ஆனால் 90 நொடிக் காணொலியில் அதே வினாவைக் கேட்டால், கேட்டவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் "ஏதோ இருக்கோம்" என்னும் விடையே. அதில் பொய் இல்லை, பயனும் இல்லை. வினா பெரிதாக இருந்தால், விடை சொல்பவர் எங்கிருந்து தொடங்குவது என்று அறியாமல் பொதுவான சொற்களுக்குள் ஒதுங்கிக்கொள்கிறார்.

எனவே குறுவிடை என்பது விடை சொல்பவரின் திறமை அன்று. அது வினாவின் அளவைப் பொறுத்தது. "சுருக்கமாகச் சொல்லுங்கள்" என்று வேண்டுவதால் விடை கூர்மையாவதில்லை. அவ்வேண்டுகோள் பேசுபவரைத் திணறவே வைக்கும். இடம், நேரம், பொருள் ஆகியவற்றுள் ஒன்றைக் குறித்துக் கேட்கும் வினா தானாகவே குறுவிடையைக் கொண்டுவருகிறது. "உங்கள் உறக்கம் எப்படி இருக்கிறது?" என்பதற்கு "பரவாயில்லை" என விடை வரும். "நேற்று எத்தனை மணிக்குப் படுத்தீங்க, எத்தனை மணிக்கு எழுந்தீங்க?" என்றால், "எட்டுக்குப் படுத்தேன், பதினொண்ணுக்கு எழுந்துட்டேன்" என விடை வரும். பின்னைய விடையில் ஒரு மனிதரின் நாள் முழுவதும் இருக்கிறது.

மூன்று வினாக்கள்

நம் குழு முதலில் பன்னிரண்டு வினாக்களை எழுதியது எனக் கொள்வோம். அவற்றுள் "ஆம்", "இல்லை" என்று முடிந்துவிடும் வினாக்கள் முதலில் நீக்கப்படும். "தூக்கமின்மையால் உங்கள் உடல்நலம் கெடுகிறது அல்லவா?" என்பது போல விடையைத் தானே சொல்லித் தரும் வினாக்கள் அடுத்து நீக்கப்படும். "எங்கே தூங்குவீர்கள், யாருடன் இருக்கிறீர்கள், வாடகை எவ்வளவு?" என ஒன்றுக்குள் மூன்றாக அடங்கியவை பிரிக்கப்படும் அல்லது கைவிடப்படும். எஞ்சுபவை மூன்று.

முதல் வினா: "நேற்று எத்தனை மணிக்குப் படுத்தீங்க, எத்தனை மணிக்கு எழுந்தீங்க?" இது நினைவிலிருந்து எளிதாக எடுத்துச் சொல்லக்கூடியது. படக்கருவியின் முன் முதன்முறை நிற்பவரின் கூச்சம் இதில் கரைந்துவிடும்.

இரண்டாம் வினா: "உங்க தூக்கத்தைக் கலைக்கிறது எது?" இதற்கு விடையாகப் பெரும்பாலும் ஒரு பெயர்ச்சொல் வரும். வெயில், பக்கத்து அறைக் கதவு, தொலைபேசி, குழந்தை என ஒவ்வொருவருக்கும் அது வேறுபடும். அடுத்தடுத்து வைக்கும்போது இவ்விடைகளின் வேறுபாடே காட்சிக்கு விறுவிறுப்பைத் தரும்.

மூன்றாம் வினா: "நல்லாத் தூங்கின ஒரு நாளைச் சொல்லுங்க." இங்கே விடை சற்று நீளும். நீள வேண்டும். முதல் இரண்டு வினாக்களும் செய்தியைத் தருகின்றன. இது மனிதரைக் காட்டுகிறது.

இவ்வரிசையை மாற்றக் கூடாது. மூன்றாம் வினாவை முதலில் கேட்டால் முன்பின் அறியாத ஒருவரிடம் மனம் திறக்க எவரும் தயங்குவர். அனைவரிடமும் ஒரே சொற்களில் கேட்பதும் இன்றியமையாதது. வினாவின் சொற்கள் மாறினால் விடைகளை அருகருகே வைக்க முடியாது. ஒருவர் 'நேற்று' பற்றியும் மற்றொருவர் 'வழக்கமாக' என்பது பற்றியும் பேசிக்கொண்டிருப்பார்கள்.

துணைவினாவாக ஒன்றே ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளலாம்: "எப்படி?" அதைவிட வலிமையானது மௌனம். விடை முடிந்த பின்பும் இரண்டு நொடி பேசாமல் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால், பலர் தாமாகவே மற்றொரு தொடரைச் சேர்ப்பார்கள். பயன்படும் விடை பெரும்பாலும் அந்த இரண்டாம் தொடரிலேயே இருக்கும். அடுத்த வினாவுக்கு விரைபவர் அதை இழந்துவிடுகிறார்.

நொடிகளின் கணக்கு

படம் பிடித்த பிறகு தொகுக்கலாம் என நினைப்பதே புதியவர்கள் செய்யும் முதல் பிழை. தொகுப்புத் திட்டம் முன்பே தாளில் இருந்தால்தான் எத்தனை பேரிடம் பேச வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்பது தெரியும். நம் குழுவின் திட்டம் பின்வருமாறு அமையலாம்.

தொடக்கக் காட்சி 6 நொடி: பேருந்திலிருந்து இறங்கும் கால்கள், தேநீர் ஆற்றும் ஒலி. முதல் வினாவின் எழுத்து 2 நொடி. அதற்கு ஆறு பேரின் விடைகள், ஒவ்வொன்றும் 3 நொடி. ஆக 20 நொடி. இரண்டாம் வினாவின் எழுத்து 2 நொடி. ஐந்து பேர், ஒவ்வொருவருக்கும் 4 நொடி. ஆக 22 நொடி. மூன்றாம் வினாவின் எழுத்து 2 நொடி. நால்வர், ஒவ்வொருவருக்கும் 6 நொடி. ஆக 26 நொடி. இறுதியாக, வெட்டாமல் வைக்கும் ஒரு முழு விடை 12 நொடி. முடிவு எழுத்து 4 நொடி. மொத்தம் 90 நொடி.

இக்கணக்கில் ஓர் ஒழுங்கு இருப்பதைக் காணலாம். விடைகளின் நீளம் 3, 4, 6, 12 எனக் கூடிக்கொண்டே செல்கிறது. தொடக்கத்தில் விரைவாக மாறும் முகங்கள் பார்வையாளரை உள்ளே இழுக்கின்றன. பிறகு காணொலி மெல்லத் தணிந்து ஒரு முகத்தில் நிலைகொள்கிறது. எல்லா விடைகளையும் ஒரே நீளத்தில் வெட்டினால், எவ்வளவு கூர்மையான விடைகளாக இருப்பினும் நாற்பது நொடிக்குள் சலிப்பு வந்துவிடும்.

திட்டத்தில் 16 விடைகளுக்கே இடமுண்டு. பதினைந்து பேரிடம் மூன்று வினாக்களைக் கேட்டால் 45 விடைகள் கிடைக்கும். ஏறத்தாழ மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். ஒருவருக்கு இரண்டு நிமிடம் எனில் பதிவு அரை மணி நேரமே. ஐம்பது பேரிடம் பேசினால் காணொலி சிறக்கும் என்பதில்லை. கேட்டுப் பார்க்கவே நேரம் இல்லாமல், எளிதில் கண்ணில் பட்ட விடைகளே இடம்பெறும்.

ஒவ்வொருவர் பேசி முடித்ததும் ஒரு குறிப்பேட்டில் வரிசை எண், நேரம், விடையின் முதற்சொல், இறுதிச்சொல் ஆகியவற்றைக் குழுவில் ஒருவர் எழுதிக்கொள்ள வேண்டும். தொகுக்கும் நாளில் அரை மணி நேரப் பதிவுக்குள் ஒரு விடையைத் தேடி அலைவதை இந்த ஒற்றை வரி தவிர்க்கும்.

களத்தில்

ஒரகடம் சந்திப்பில் காட்சியைவிட ஒலியே பெரிய சிக்கல். சரக்குந்துகளின் இரைச்சலும் காற்றொலிப்பானும் இடைவிடாமல் எழும். பார்வையாளர் மங்கலான படத்தைப் பொறுத்துக்கொள்வார். கேட்காத விடையைக் கடந்து போய்விடுவார். ஆகவே, கைப்பேசியில் உள்ள ஒலிவாங்கியை நம்பாமல், நுரையுறை மாட்டிய தனி ஒலிவாங்கியைப் பேசுபவரின் வாயிலிருந்து ஒரு சாண் தொலைவில் பிடிக்க வேண்டும். குழுவில் ஒருவர் செவிப்பொறி அணிந்து கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். விடையின் நடுவே ஒலிப்பான் அலறினால், அது கடந்த பிறகு, "அந்தக் கடைசி வரியை மட்டும் இன்னொரு தடவை சொல்லுங்கண்ணா" என்று அப்போதே கேட்டுவிடலாம். அறைக்குத் திரும்பிய பிறகு அதற்கு மருந்து இல்லை. யாரும் பேசாதபோது சாலையின் ஒலியை மட்டும் முப்பது நொடி பதிவுசெய்துகொள்வதும் தேவை. தொகுக்கும்போது வெட்டிய இடங்களில் இரைச்சல் திடீரென மாறுவதை, இந்த ஒலியை அடியில் பரப்பி மறைக்கலாம்.

பேசுபவர்களை ஒருவர் இடப்புறம் நோக்கியும் அடுத்தவர் வலப்புறம் நோக்கியும் மாறி மாறி நிறுத்தினால், காட்சிகள் அடுத்தடுத்து வரும்போது முகம் ஓரிடத்திலிருந்து துள்ளுவது போலத் தோன்றாது.

யாரிடம் பேசுவது என்பது இதனினும் கடினமானது. தேநீர்க் கடையில் நின்று பேசத் தயங்காதவர்கள் பெரும்பாலும் ஆண்கள். அவர்களிலும் தமிழ் பேசுபவர்களை அணுகுவதே குழுவுக்கு எளிது. ஆனால் இப்பகுதியில் ஒடிசா, பீகார், சார்க்கண்டு, அசாம் ஆகிய மாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளர் பலர் உள்ளனர். மின்னணுத் தொழிற்சாலைகளில் பெண்கள் பெருந்தொகையினராக வேலை செய்கின்றனர். வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கத்தக்க விடுதி 2024 ஆகஸ்டு மாதத்தில் திறக்கப்பட்டது என்னும் செய்தியே அந்த அளவைச் சொல்லும். தேநீர்க் கடையில் மட்டும் நிற்கும் படக்கருவிக்கு இவர்கள் புலப்படமாட்டார்கள். எனவே, பதினைந்து பேரில் எத்தனை பெண்கள், எத்தனை வெளிமாநிலத்தவர் என்பதை முன்னரே எழுதிக்கொண்டு, பெண்களிடம் மாணவியரும், இந்தி பேசுபவரிடம் இந்தி அறிந்தவரும் கேட்க ஏற்பாடு செய்ய வேண்டும். மூன்று வினாக்களின் மொழிபெயர்ப்பும் முன்பே தாளில் இருக்க வேண்டும். நின்ற இடத்தில் மொழிபெயர்த்தால் வினா நீண்டு, விடையும் நீளும்.

இசைவு பெறுவதும் இங்கே வெறும் மரியாதையன்று. ஒப்பந்தத் தொழிலாளர் ஒருவர், "ரெண்டு ஷிஃப்ட் சேர்த்துப் பாக்கச் சொன்னா தூக்கம் எங்க வரும்?" என்று சொல்லிவிடலாம். அப்போது அவர் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை திரையில் தெரிந்தால், அந்தக் கூர்மையான விடை அவருடைய வேலையைப் பறிக்கக்கூடும். அட்டையைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் வைக்கச் சொல்வதும், சீருடையில் உள்ள நிறுவனப் பெயர் தெரியாமல் முகத்தை மட்டும் படச்சட்டத்துக்குள் அமைப்பதும், பெயரைக் கேட்காமல் இருப்பதும் தேவையான காப்புகள். பேசுவதற்கு முன் ஒருமுறையும், பேசி முடித்த பின் ஒருமுறையும் இசைவு கேட்க வேண்டும். என்ன சொல்லப் போகிறோம் என்பது அவருக்கே பேசிய பிறகுதான் தெரியும். ஆகவே இரண்டாம் இசைவே உண்மையான இசைவு. காணொலி வெளியாகும் நாளுக்கு முன் அவர் விலகிக்கொள்ள விரும்பினால் அழைப்பதற்குக் குழுவின் தொலைபேசி எண்ணைச் சீட்டில் எழுதிக் கொடுப்பது நன்று.

வெட்டும் இடம்

எல்லாம் முடிந்து தொகுக்க அமரும்போது, முதல் வினாவுக்கு இப்படி ஒரு விடை இருக்கிறது எனக் கொள்வோம்: "ஏழு மணிக்குப் படுத்தேன், ஒரு மணிக்கு எழுந்தேன், ஆறு மணி நேரம். நேத்து மழை பேஞ்சதால. வெயில் நாள்ல மூணு மணி நேரம்கூட முடியாது, தகரக் கூரை."

முதல் தொடரோடு வெட்டினால் மூன்று நொடி விடை கிடைத்துவிடும். வினாவுக்கு நேரான விடை, ஒலியும் தெளிவு. ஆனால் அவர் சொன்னதற்கு நேர்மாறான பொருளை அது தரும். நன்றாக உறங்கும் மனிதராக அவர் திரையில் நிற்பார். மாறாக, "வெயில் நாள்ல மூணு மணி நேரம்கூட முடியாது, தகரக் கூரை" என்பதை மட்டும் எடுத்தால், நேற்று ஆறு மணி நேரம் உறங்கியவர் என்பது மறையும். எனினும் அவருடைய வாழ்க்கையைப் பற்றி அவர் சொல்ல வந்தது அதில் இருக்கிறது. இவ்வரி 'நேற்று' என்னும் முதல் வினாவுக்குக் கீழே வர முடியாது; 'உறக்கத்தைக் கலைப்பது எது' என்னும் இரண்டாம் வினாவுக்குக் கீழே வந்தால் பொருந்தும். ஆனால் அவ்வினாவுக்கு அவர் வேறு விடை சொல்லியிருந்தால், இதை அங்கே வைப்பதும் தவறாகிவிடும். அப்போது நேர்மையான வழி, முழு விடையையும் அப்படியே விட்டுவிடுவது. இறுதியில் வெட்டாமல் வைக்கும் 12 நொடிக்கு இதைவிடப் பொருத்தமான விடை இராது.

ஒரு வெட்டு சரியானதா என்பதை அறிய எளிய வழி உண்டு. வெட்டிய துண்டைப் பேசியவரிடமே காட்டினால் "நான் சொன்னது இதுதான்" என்று அவர் ஒப்புவாரா என்று பார்க்க வேண்டும். 'ஆனால்', 'அப்போது மட்டும்', 'முன்னெல்லாம்' போன்ற சொற்களுக்கு அருகில் கத்தரி வைக்கும்போது இக்கேள்வி மிகுந்த கவனத்துடன் கேட்கப்பட வேண்டும். பாரிசுப் படத்தின் இயக்குநர்கள் தொகுத்த காட்சிகளைப் பங்கேற்றவர்களுக்கே திரையிட்டுக் காட்டி, அவர்கள் சொன்னதையும் படத்தின் இறுதியில் சேர்த்தனர். பார்த்தவர்களிடையே ஒருமித்த கருத்து எழவில்லை. உண்மையாக இருக்கிறது என்றும், அளவுக்கு மீறித் தம்மை வெளிக்காட்டுகிறது என்றும், இயல்பாக இல்லை என்றும் பலவாறு வாதிட்டனர். அந்த வாதமும் படத்தின் பகுதியாயிற்று.

எண்ணிக்கைக்கு உரியதன்று

பதினைந்து பேரில் பத்துப் பேர் மூன்று மணி நேரமே உறங்குவதாகச் சொன்னாலும், 'ஒரகடத்தில் மூன்றில் இருவர் உறங்குவதில்லை' என்று முடிவு எழுத்தில் போட முடியாது. அவர்கள் அன்று அந்த நேரத்தில் அந்தக் கடையில் நின்றவர்கள். நிற்காமல் போனவர்களின் விடை எவருக்கும் தெரியாது. ஒருவேளை மிகவும் களைத்தவர்களே நிற்காமல் போயிருக்கலாம். தெருமுனை நேர்காணல் மக்கள் கருத்தின் அளவைக் காட்டுவதாகக் கொள்ளக் கூடாது என்பதைச் செய்தித்துறையின் நெறிமுறைகளும் வலியுறுத்துகின்றன. எத்தனை பேர் என்பதை அறியக் கணக்கெடுப்பு வேண்டும். எத்தனை விதம் என்பதைக் காட்டவே இக்காணொலி பயன்படும்.

ஆதலால் நம் குழுவின் முடிவு எழுத்து இவ்வாறு அமையலாம்: 'ஒரு காலை, ஒரகடம் சந்திப்பு, பதினைந்து பேரிடம் கேட்டது.' அதற்கு முன்பாக, தகரக் கூரையின் கீழ் வாழும் மனிதர் 12 நொடி பேசி முடித்திருப்பார்; படக்கருவி அவர் முகத்தில் ஒரு நொடி கூடுதலாக நின்றிருக்கும். பிறகு அவர் தேநீர்க் குவளையை வைத்துவிட்டு வெயில் ஏறுவதற்குள் உறங்கப் போய்விடுவார்.

கற்பவை கற்றபின்

1. "உங்கள் ஊரின் சாலை எப்படி இருக்கிறது?" என்னும் வினாவை, குறுவிடை தரத்தக்க மூன்று வினாக்களாக மாற்றி எழுதுக.

2. உங்கள் ஊர்ச் சந்தையில் 60 நொடிக் காணொலி எடுப்பதற்கான தொகுப்புத் திட்டத்தை நொடிக் கணக்குடன் வரைக. அதற்கு எத்தனை பேரிடம் பேச வேண்டும் என்பதைக் காரணத்துடன் குறிப்பிடுக.

3. நாளிதழ் நேர்காணல் ஒன்றிலிருந்து ஒரு விடையைத் தேர்ந்தெடுத்து, அதை 5 நொடியில் படிக்கத்தக்கதாகச் சுருக்குக. சுருக்கியபின் பேசியவரின் கருத்து மாறியுள்ளதா என வகுப்பில் கலந்துரையாடுக.